நியூக்ளியோசோமுக்குள் புதைந்த டிஎன்ஏவை ஒரு புரதம் எட்டுமா? படிப்படியாகக் கணிக்க ஒரு முழு வழிகாட்டி

பாடப்புத்தகத்தில் இந்தப் பாடம் இரண்டு படங்களோடு முடிந்துவிடும். ஒன்றில் குரோமாட்டின் தளர்ந்திருக்கும், மரபணு வேலை செய்யும். இன்னொன்றில் இறுகியிருக்கும், மரபணு அடங்கிக் கிடக்கும். படம் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைக் கையில் கொடுத்து, "இந்த இடத்தில் இந்தப் புரதம் உட்கார முடியுமா?" என்று கேட்டால் அந்தப் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அதற்கு அந்த இடம், ஹிஸ்டோன் புரதங்களின் மேல் டிஎன்ஏ சுற்றிய அலகான நியூக்ளியோசோமின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று தெரிய வேண்டும். இறுக்கம் திறந்து மூடும் கதவு போன்றதல்ல. இடத்துக்கு இடம் ஆயிரம் மடங்கு வரை மாறும் ஒரு வாய்ப்புக் கணக்கு அது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, சோதனையில் எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கீழே படிப்படியாகப் பார்ப்போம். கடைசியில் ஈஸ்ட்டின் ஃபோ5 மரபணுவை எடுத்து எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: ஆக்டமரைத் துண்டு துண்டாகப் புரிந்துகொள்ளுங்கள்

எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக மொத்தம் எட்டு. இதை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் எட்டும் ஒரே மாதிரி சேர்வதில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஒவ்வொரு ஹிஸ்டோனின் நடுவிலும் மூன்று ஆல்ஃபா சுருள்கள் உண்டு. நடுச்சுருள் நீளமானது, இரு பக்கமும் குட்டையானவை. எச்3 எப்போதும் எச்4-ஓடு கைகோக்கும், எச்2ஏ எப்போதும் எச்2பி-யோடு. அப்புறம் இரண்டு எச்3-எச்4 ஜோடிகள் எச்3 பக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரு நான்மம் ஆகின்றன. இந்த நான்மம்தான் நியூக்ளியோசோமின் மையம். எச்2ஏ-எச்2பி ஜோடிகள் இரண்டும் அதன் இரு பக்கங்களிலும் தனித்தனியாக வந்து ஒட்டுகின்றன.

நான்மம் உறுதியானது, பக்கத்து ஜோடிகள் அவ்வளவு உறுதியாகப் பிடிப்பதில்லை. டிஎன்ஏ இல்லாமல் எட்டும் சேர்ந்த ஆக்டமர் வேண்டுமென்றால் கரைசலில் சுமார் 2 மோலார் உப்பு இருக்க வேண்டும். உடலின் உப்பளவுக்குக் குறைத்தால் அது நான்மமாகவும் ஜோடிகளாகவும் பிரிந்துவிடும். ஆய்வகத்தில் நியூக்ளியோசோம் செய்பவர்கள் இதையே வசதியாக்கிக்கொள்கிறார்கள். 2 மோலார் உப்பில் ஹிஸ்டோனையும் டிஎன்ஏவையும் கலந்து, உப்பை மெல்ல மெல்ல வெளியேற்றுவார்கள். முதலில் நான்மம் டிஎன்ஏவில் அமரும், உப்பு இன்னும் இறங்கியதும் ஜோடிகள் சேரும். உப்பை அவசரமாகக் குறைத்தால் ஹிஸ்டோன்கள் ஒழுங்கில்லாமல் ஒட்டி, கரைசல் கலங்கிப்போகும். உப்பை ஏற்றினால் வரிசை தலைகீழாகும்; முதலில் விடுபடுவது எச்2ஏ-எச்2பி ஜோடிதான். உயிரணுவிலும் இதன் சாயல் தெரியும். ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 கடந்து போகும்போது ஒரு எச்2ஏ-எச்2பி ஜோடி கழன்றுவிட்டு, ஆறு ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவிலேயே தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதன் அணு அளவிலான படம் 1997-ல் கிடைத்தது. சூரிச்சில் டிமதி ரிச்மண்ட் குழுவில் கரோலின் லூகர் முதலானோர் 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் படிக அமைப்பைத் தீர்த்தார்கள். டிஎன்ஏ இடப்பக்கச் சுருளாக ஆக்டமரை சுமார் 1.65 சுற்று சுற்றியிருக்கிறது. நியூக்ளியோசோம் மையத்தில் சுற்றும் நீளத்தை வழக்கமாக 147 கார இணைகள் என்று எடுத்துக்கொள்வார்கள். நேராக நீட்டினால் 50 நானோமீட்டர் வரும் டிஎன்ஏ, 11 நானோமீட்டர் குறுக்களவும் ஐந்தரை நானோமீட்டர் உயரமும் உள்ள ஒரு வில்லைக்குள் அடங்கிவிடுகிறது.

படி 2: உங்கள் வரிசை சுற்றின் எந்த இடத்தில் இருக்கிறது?

இதுதான் கணக்கின் இதயம். சுற்றிய 147 இணைகளை மையத்திலிருந்து வெளியே நோக்கிப் பிரியுங்கள். நடுவிலுள்ள சுமார் 60 இணைகளை நான்மம் பிடித்திருக்கிறது. அதற்கு இரு பக்கமும் சுமார் 30 இணைகள் வீதம் எச்2ஏ-எச்2பி ஜோடிகளின் பொறுப்பு. கடைசி 13 இணைகள், இரு முனையிலும், எச்3-யிலிருந்து நீளும் ஒரு சிறு சுருளை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகவே முனையிலிருந்து மையம் போகப் போகப் பிடி இறுகிக்கொண்டே போகிறது.

பிடி என்று சொன்னேன், அது எங்கே என்று கிட்டப்போய்ப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். டிஎன்ஏவின் சிறு பள்ளம் ஆக்டமரை நோக்கித் திரும்பும் இடங்களில் மட்டுமே தொடர்பு இருக்கிறது. சுமார் 10 இணைகளுக்கு ஒருமுறை அது திரும்புவதால் மொத்தம் 14 தொடர்பு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆர்ஜினின் பக்கச்சங்கிலி பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஹிஸ்டோன் பிடிப்பது பெரும்பாலும் டிஎன்ஏவின் பாஸ்பேட் முதுகெலும்பைத்தான், எழுத்துகளை அல்ல. அதனால்தான் ஏறக்குறைய எந்த வரிசையிலும் நியூக்ளியோசோம் அமர முடிகிறது. ஆனாலும் சில வரிசைகள் வளைய எளிதானவை, சில விறைப்பானவை. அடினின் என்ற காரம் மட்டும் தொடர்ச்சியாக நீளும் இடங்களில் நியூக்ளியோசோம் அமரத் தயங்கும்.

பத்து இணைக்கு ஒருமுறை முகம் திரும்புவதால், உங்கள் வரிசை உள்முகமா வெளிமுகமா என்பதும் கணக்கில் வரும். டிஎன்ஏவின் ஒரு முகத்தை மட்டும் தொடும் புரதம் வெளிமுகத்தில் இருக்கும் வரிசையை நியூக்ளியோசோமைக் கலைக்காமலேயே பிடிக்கலாம்; குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பி அப்படிச் செய்யக்கூடியது. மரபணு வாசிப்பு தொடங்க உதவும் டாட்டா பெட்டியைப் பிடிக்கும் புரதம் டிஎன்ஏவைக் கூர்மையாக வளைக்க வேண்டியிருக்கிறது, அதனால் சுற்றிய டிஎன்ஏவில் அதற்கு வேலை நடக்காது. ஆகவே வரிசை எங்கே என்பதோடு, புரதம் டிஎன்ஏவை எப்படித் தொடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: தானாக அவிழ்வதைக் கணக்கில் சேருங்கள்

படிக அமைப்பைப் பார்த்தால் எல்லாம் உறைந்து நிற்பது போலத் தோன்றும். கரைசலில் அப்படி இல்லை. டிஎன்ஏ ஒரு முனையிலிருந்து தானாகவே அவிழ்ந்து, திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த நொதியும் தேவையில்லை, ஏடிபி செலவும் இல்லை. ஜொனாதன் விடம் ஆய்வகம் இதை 1995-ல் ஓர் எளிய வழியில் அளந்தது. நியூக்ளியோசோமுக்குள் வெவ்வேறு ஆழத்தில், குறிப்பிட்ட வரிசையில் மட்டும் வெட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் நொதிகளின் இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கே வெட்டு விழும் வேகத்தை வெறும் டிஎன்ஏவில் விழும் வேகத்தோடு ஒப்பிட்டார்கள். முனைக்குப் பக்கத்தில் விகிதம் தோராயமாக நூற்றில் ஒன்று. மையத்துக்கு அருகே பத்தாயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று. வரிசையும் உப்பளவும் மாறினால் இந்த எண்கள் மாறும், ஆனால் முனையிலிருந்து மையத்துக்குச் சரியும் போக்கு மாறாது.

சரி, இந்த எண் நடைமுறையில் என்ன செய்யும்? ஒரு கற்பனைப் புரதத்தை எடுப்போம். வெறும் டிஎன்ஏவில் அதன் பிரிகை மாறிலி, அதாவது பாதி இடங்கள் பிடிபடத் தேவையான அடர்த்தி, 1 நானோமோலார். உட்கருவில் அது 100 நானோமோலார் அடர்த்தியில் இருக்கிறது. நியூக்ளியோசோமுக்குள் அது பார்க்கும் பிரிகை மாறிலி, வெறும் டிஎன்ஏவின் மாறிலியைத் திறப்பு விகிதத்தால் வகுத்தது:

```
Kd(nuc)   = Kd / Keq
occupancy = [P] / ([P] + Kd(nuc))

naked   : Kd = 1 nM                     -> 100/101    = 99%
edge    : Kd = 1 / 0.01    = 100 nM     -> 100/200    = 50%
centre  : Kd = 1 / 0.00001 = 100000 nM  -> 100/100100 = 0.1%
```

அதே புரதம், அதே வரிசை, அதே அடர்த்தி. வெறும் டிஎன்ஏவில் எப்போதும் பிடிபட்டிருக்கும் இடம், நியூக்ளியோசோம் முனையில் பாதி நேரம் பிடிபடுகிறது, மையத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். குரோமாட்டின் இறுகவில்லை, மேல்மட்ட மடிப்பு எதுவும் இன்னும் வரவில்லை. ஒரே ஒரு நியூக்ளியோசோம் சில பத்து இணைகள் நகர்ந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். நியூக்ளியோசோமை நகர்த்தும் நொதிகள் ஏன் ஏடிபியைச் செலவழித்து அந்த வேலையைச் செய்கின்றன என்பது இந்த மூன்று வரிகளிலேயே புரிந்துவிடும்.

இதிலிருந்து வரும் ஒரு விளைவு எனக்குப் பிடித்தமானது. ஒரே நியூக்ளியோசோமுக்குள் இரண்டு புரதங்களுக்கான இடங்கள் இருந்தால், முனையில் முதலாவது அமர்ந்ததும் டிஎன்ஏ திரும்பச் சுற்ற முடியாது. உள்ளே இருக்கும் இரண்டாவது இடம் எட்டுவதற்கு எளிதாகிவிடும். அந்த இரண்டு புரதங்களும் ஒன்றையொன்று தொடவே வேண்டாம். அப்படியும் ஒன்று மற்றதற்கு உதவியது போலத் தெரியும். சோதனைக் குழாயில் ஒத்துழைப்பு தெரிந்ததும் 'புரதங்கள் நேரடியாக ஒட்டுகின்றன' என்று முடிவுகட்டுவதற்கு முன் வெறும் டிஎன்ஏவிலும் அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அங்கே ஒத்துழைப்பு மறைந்தால் இடையில் நின்றது நியூக்ளியோசோம்தான்.

படி 4: மேல்மட்ட மடிப்பு எதைப் பாதிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டு நியூக்ளியோசோம்களுக்கு நடுவிலுள்ள டிஎன்ஏ இணைப்பு டிஎன்ஏ. ஒரு நியூக்ளியோசோமும் ஓர் இணைப்பும் சேர்ந்த நீளம் ஈஸ்ட்டில் சுமார் 165 இணை, மனித உயிரணுக்களில் பெரும்பாலும் 180 முதல் 200 வரை. டிஎன்ஏ நுழைந்து வெளியேறும் இடத்தில் எச்1 என்ற இணைப்பு ஹிஸ்டோன் அமர்ந்தால் இன்னும் சுமார் 20 இணைகள் பாதுகாப்புக்குள் வந்துவிடும். அந்த முனைகள் எளிதில் அவிழாது.

இதற்கு மேலே 30 நானோமீட்டர் இழை வரும் என்று பாடம் சொல்கிறது. சோதனைக் குழாயில், சரியான உப்பில், ஒழுங்கான இடைவெளியில் அமைத்த நியூக்ளியோசோம்கள் அப்படிப்பட்ட இழையை உருவாக்குவது உண்மை. உயிரணுவுக்குள் நிலை வேறு. 2008-ல் உறைந்த உயிரணுச் சீவல்களில் பிரிதலின்போதான குரோமோசோம்களைப் பார்த்தவர்களுக்கு 30 நானோமீட்டர் இழை கிடைக்கவில்லை. 2017-ல் மனித உயிரணுக்களை முப்பரிமாணத்தில் பார்த்தபோது தெரிந்தவை 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கற்ற சங்கிலிகள். இடத்துக்கு இடம் மாறியது அவை எவ்வளவு நெருக்கமாக அடைந்திருந்தன என்பதுதான். ஆகவே நியூக்ளியோசோம், இழை, குரோமோசோம் என்று ஏறும் அந்தப் பழைய ஏணிப் படத்தை, ஒவ்வொரு படியும் உயிரணுவில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மடிப்பு எட்டுதலை எவ்வளவு தடுக்கிறது என்ற கேள்விக்கு 2008-ல் விடம் குழுவினரின் இன்னொரு வேலை தெளிவான பதில் தந்தது. ஒரே மாதிரி நியூக்ளியோசோம்களை வரிசையாகக் கோத்து, மடியவைத்து, அதே ரெஸ்ட்ரிக்ஷன் நொதிச் சோதனையைச் செய்தார்கள். நியூக்ளியோசோமுக்குள் இருந்த இடங்களின் எட்டுதல், தனி நியூக்ளியோசோமோடு ஒப்பிட்டால், மூன்று மடங்கு குறைவதிலிருந்து எட்டு மடங்கு கூடுவது வரைதான் மாறியது. இணைப்பு டிஎன்ஏவில் இருந்த இடங்களோ சுமார் 50 மடங்கு வரை குறைந்தன.

இதை இப்படி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வரிசை நியூக்ளியோசோமுக்குள் இருந்தால் அதன் தலைவிதியை நியூக்ளியோசோமின் இருப்பிடம் தீர்மானிக்கிறது, இணைப்பில் இருந்தால் மடிப்பு தீர்மானிக்கிறது. ஹிஸ்டோனிலிருந்து வெளியே நீளும் வாலில் அசிடைல் குழு ஒட்டினால் குரோமாட்டின் திறந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வதையும் இந்தப் பிரிவோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். எச்4 வாலின் 16-ஆம் லைசின், பக்கத்து நியூக்ளியோசோமில் எச்2ஏ-எச்2பி சேரும் இடத்திலுள்ள அமிலப் பகுதியோடு ஒட்டும் பகுதியில் இருக்கிறது. அதில் அசிடைல் ஏறினால் நியூக்ளியோசோம்கள் ஒன்றோடொன்று அடைவது கெடுகிறது. ஆனால் அந்த வால் தன் சொந்த நியூக்ளியோசோமின் மையத்தில் டிஎன்ஏவைப் பிடித்துவைத்திருப்பது அல்ல. அதனால் அந்த ஓர் அசிடைல் குழுவால் மையத்தில் புதைந்த வரிசை வெளியே வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

படி 5: உட்கருவில் அளந்து பாருங்கள்

கணித்ததைச் சரிபார்க்க இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ். நொதி இணைப்பு டிஎன்ஏவை முதலில் வெட்டும். பிரித்தெடுத்த உட்கருக்களில் கால்சியத்தோடு நொதியைச் சேர்த்து, சில நிமிட இடைவெளிகளில் மாதிரி எடுத்து, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏவை ஊற்றி நிறுத்துங்கள். புரதத்தை நீக்கி டிஎன்ஏவை அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் ஏணி போலப் பட்டைகள் தெரியும். 1973-ல் ஹீவிஷும் பர்கோயினும் எலியின் கல்லீரல் உட்கருக்களிலேயே இருந்த நொதியால் இப்படியொரு ஏணியைக் கண்டதும், அடுத்த ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க் சுமார் 200 இணைக்கு எட்டு ஹிஸ்டோன் என்ற அலகை முன்வைத்ததும் இந்தத் துறையின் தொடக்கம்.

ஒரு நியூக்ளியோசோமும் ஓர் இணைப்பும் சேர்ந்த அலகின் நீளத்தைக் கணக்கிட ஒரு பட்டையை மட்டும் எடுத்து வகுக்காதீர்கள். துண்டுகளின் முனைகளை நொதி கொறித்திருக்கும். இரண்டு நியூக்ளியோசோம் பட்டை 340, மூன்று 530, நான்கு 720 என்று வந்தால், 340-ஐ இரண்டால் வகுத்து 170 என்று சொல்வது பிழை. அடுத்தடுத்த பட்டைகளின் வித்தியாசமான 190 தான் விடை.

ஏணி வராமல் எல்லா டிஎன்ஏவும் மேலேயே நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கால்சியம். கரைசலில் ஈடிடிஏ மிஞ்சியிருந்தால் நொதி வேலை செய்யாது. ஏணிக்குப் பதில் 147-க்குக் கீழே பூசினாற்போல் தெரிந்தால் அதிகம் வெட்டப்பட்டுவிட்டது, அல்லது உட்கருக்களில் ஹிஸ்டோன்கள் சிதைந்திருக்கின்றன. இன்னொரு பொறி: இந்த நொதிக்கு அடினின்-தைமின் மிகுந்த வரிசை பிடிக்கும். வெறும் டிஎன்ஏவை வெட்டிய மாதிரியைப் பக்கத்தில் ஓட்டாமல், இங்கே நியூக்ளியோசோம் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம்.

இரண்டாவது, ரெஸ்ட்ரிக்ஷன் நொதி. உங்கள் இடத்தில் வெட்டும் நொதியை உட்கருவில் கொடுத்து, எத்தனை சதவீதம் வெட்டுப்பட்டது என்று பார்ப்பது. இங்கே ஒரு கட்டுப்பாடு தவறவே கூடாது: நொதியின் அளவை நான்கு மடங்கு கூட்டியும் சதவீதம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் நீங்கள் அளப்பது எத்தனை மூலக்கூறுகளில் இடம் திறந்திருக்கிறது என்பதை அல்ல, நொதி எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்பதை.

படி 6: ஃபோ5-இல் போட்டுப் பார்ப்போம்

ஈஸ்ட்டின் ஃபோ5 மரபணு ஓர் அமில பாஸ்பட்டேஸ் நொதியைத் தயாரிக்கிறது. வெளியே பாஸ்பேட் போதுமான அளவு இருந்தால் மரபணு அடங்கியிருக்கும், தீர்ந்தால் எழும். எழுப்புவது ஃபோ4 என்ற புரதம். பாஸ்பேட் நிறைந்திருக்கும்போது அது பாஸ்பேட் குழு ஏற்றப்பட்டு உட்கருவுக்கு வெளியே அனுப்பப்பட்டுவிடும்.

மரபணு அடங்கியிருக்கும்போது அதன் முன்னாலுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியான புரோமோட்டரில் நான்கு நியூக்ளியோசோம்கள் நிலையான இடங்களில் நிற்கின்றன. மரபணுவிலிருந்து எண்ணினால் -1, -2, -3, -4. மியூனிக்கில் வொல்ஃப்ராம் ஹோர்ஸ் குழு 1980-களில் வரைந்த வரைபடம் இது. ஃபோ4-க்கு இரண்டு இடங்கள் உண்டு. பலவீனமான இடம் -2-க்கும் -3-க்கும் நடுவே திறந்த பகுதியில் இருக்கிறது. வலுவான இடம் -2-க்குள் புதைந்திருக்கிறது. டாட்டா பெட்டி -1-க்குள்.

இப்போது மேலே பார்த்த விதிகளால் கணியுங்கள். ஃபோ4 உட்கருவுக்குள் வந்ததும் முதலில் பிடிக்கக்கூடியது திறந்த பலவீனமான இடம். வலுவான இடம், வலுவாக இருந்தும், திறப்பு விகிதத்தால் வகுபடுவதால் பின்தங்கும். டாட்டா பெட்டி -1 அகலும்வரை பயன்படாது. சோதனையும் இதையே காட்டியது. -2-க்குள் வெட்டும் கிளா-1 நொதியைக் கொடுத்தால், பாஸ்பேட் உள்ள உயிரணுக்களின் உட்கருவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே வெட்டு விழும். பாஸ்பேட் இல்லாமல் வளர்த்தவற்றில் சுமார் 90 சதவீதம். இந்தத் திறப்பு நியூக்ளியோசோம்கள் பக்கத்தில் நகர்ந்ததால் வந்ததல்ல. ஹிஸ்டோன்கள் அந்தப் பகுதியை விட்டே கழன்று போகின்றன. ஏடிபி செலவழிக்கும் நொதிகளும் ஹிஸ்டோனைக் கையாளும் துணைப்புரதங்களும் அதைச் செய்கின்றன.

தடுப்பது நியூக்ளியோசோம்தானா என்று நேரடியாகக் கேட்டவர்கள் ஹானும் கிரன்ஸ்டைனும். 1988-ல் ஈஸ்ட்டில் எச்4 தயாரிப்பை நிறுத்தி நியூக்ளியோசோம்களைக் குறைத்தார்கள். பாஸ்பேட் ஏராளமாக இருந்தும் ஃபோ5 எழுந்தது.

2008-ல் எரின் ஓஷே குழு இதையே அளவுகளாக மாற்றியது. ஃபோ4 பிடிக்கும் இடங்களை வலுவாக்கியும் பலவீனமாக்கியும், நியூக்ளியோசோமுக்கு உள்ளும் வெளியும் வைத்தும் பார்த்தார்கள். எவ்வளவு ஃபோ4 வந்தால் மரபணு எழத் தொடங்கும் என்பதை நிர்ணயித்தது திறந்த இடத்தின் வலிமை. எழுந்தபிறகு எவ்வளவு உயரம் போகும் என்பதில் புதைந்த இடங்களுக்குப் பங்கிருந்தது. ஆக நியூக்ளியோசோம் இங்கே வெறும் தடையாக நிற்கவில்லை; தொடக்கப் புள்ளியையும் உச்ச அளவையும் தனித்தனியாகத் திருத்தும் வசதியை உயிரணுவுக்குக் கொடுக்கிறது.

கிளா-1 சதவீதத்தை வாசிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அது பல கோடி உயிரணுக்களின் சராசரி. 2013-ல் ஹின்ரிக் போகர் குழு ஃபோ5 புரோமோட்டரின் தனித்தனி மூலக்கூறுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, எழுந்த உயிரணுக்களிலும் ஒரே அமைப்பு கிடைக்கவில்லை. சில மூலக்கூறுகளில் ஒன்றுகூட இல்லை, சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் எல்லா நியூக்ளியோசோம்களும் இடத்திலேயே இருந்தன. ஆகவே -2-இல் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு -1-உம் அதே மூலக்கூறில் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது தெரிய வேண்டுமென்றால் தனி மூலக்கூறுகளைத்தான் பார்க்க வேண்டும்.